அடுத்தவர் துயரம் கேட்பவர்கள் வீட்டுக்கு எதைக் கொண்டு வருகிறார்கள்?



நம் அறக்கட்டளையின் குடும்ப ஆலோசனை அறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரியின் கணவர், சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "பாய், அவளை வேலையிலிருந்து நிறுத்திடுங்க. சம்பளம் எங்களுக்குப் பெரிசு இல்லை. வீட்ல நிம்மதி போச்சு" என்றார். கணவன் மனைவிக்குள் ஏதோ மனவருத்தம் என்றுதான் முதலில் நினைத்தோம். விவரம் கேட்டபோது வேறு ஒன்று தெரிந்தது.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்துத் தெருவில் உள்ள சாச்சா வீட்டுக்குப் போய் விளையாடி, இஷாவுக்குப் பிறகு வீடு திரும்பும். மூன்று மாதமாகத் தாய் அனுப்புவதில்லை. காரணம் கேட்டால் சொல்வதில்லை. மாலை மதரஸாவுக்குத் தெருப் பிள்ளைகளோடு நடந்து போன மகளைத் தானே கொண்டுபோய் விட்டு, வாசலிலேயே நிற்கிறார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து பிள்ளை படுத்திருக்கும் அறையைப் பார்க்கிறார். சாச்சா வீட்டில் மனத்தாங்கல். "என் தம்பியைப் பத்தி இவ என்ன நினைக்கிறா?" என்று கேட்டபோது அந்தக் கணவரின் குரல் உடைந்தது.

அந்தச் சகோதரி யாரையும் சந்தேகிக்கவில்லை. அவர் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கதைகள்தாம் அவர் கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவே வந்து நின்றன. அவர் சம்மதத்துடனும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறோம். நம் மஹல்லாவில் மகளிர் காவல் நிலையத்தில் பணிபுரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தைகள் உதவி எண்ணிலும், மருத்துவமனை சமூகப் பணியிலும் மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த முதல் தவறு

கணவர் சொன்னதைக் கேட்டதும், "வேலைப் பளு, களைப்பு" என்று நாங்களே முடிவு செய்து சகோதரிக்குப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தோம். தாய் வீட்டுக்குப் போய் வந்தார். உடம்பு தேறியிருந்தது. ஆனால் திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமையும் மகள் சாச்சா வீட்டுக்குப் போகவில்லை. இரவில் எழுந்து பார்ப்பதும் நிற்கவில்லை.

ஓய்வு எடுத்தும் மாறாத ஒன்றுக்கு ஓய்வு மருந்தாகாது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பல ஆண்டுகள் மனநல சமூகப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரிடம் ஆலோசனை கேட்டோம். இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

ஒன்று, பணிச் சோர்வு. அதிக வேலை, குறைந்த சம்பளம், மேலதிகாரியின் கெடுபிடி, பாராட்டு இல்லாமை ஆகியவற்றால் வருவது. வங்கி ஊழியருக்கும் வரும், ஆசிரியருக்கும் வரும். மெல்ல மெல்ல வளரும். வேலைக்குப் போகவே பிடிக்காது, எதிலும் ஒட்டுதல் இருக்காது. விடுப்பும் வேலைக் குறைப்பும் இதற்குப் பெரும்பாலும் உதவும்.

மற்றொன்று, பிறருடைய கொடுமையைக் கேட்பதால் கேட்பவருக்கே வரும் பாதிப்பு. இதை இரண்டாம் நிலை மன அதிர்ச்சி என்பார்கள். இது ஒரே ஒரு வழக்குக்குப் பிறகு திடீரென்றும் வரலாம். வேலையை நேசிப்பவருக்கும், பாராட்டும் சம்பளமும் குறைவில்லாதவருக்கும் வரலாம். நம் சகோதரிக்கு வேலை பிடித்திருந்தது. ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அதனால்தான் எங்களுக்கு இது பிடிபடவில்லை.

கேட்பது எப்படிக் காயமாகிறது?

ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது, அக்கறையோடு கேட்பவர் மனதில் அது காட்சியாக விரிகிறது. அந்த அறை, அந்தக் கதவு, அந்தப் பிள்ளையின் முகம் எல்லாம் கேட்பவர் உள்ளத்திலும் உருவாகின்றன. அப்படி உருவாகாமல் ஒருவரைப் புரிந்துகொள்வதும் கடினம். காட்சி விரியும்போது நெஞ்சு படபடக்கும், தோள்பட்டை இறுகும். எதிரில் இருப்பவர் பயந்துவிடக் கூடாதே என்று ஆலோசகர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வார். பயம் வந்தும் ஓட முடியாது, கோபம் வந்தும் திட்ட முடியாது, அழுகை வந்தும் அழ முடியாது. ஒருநாளைக்கு நான்கைந்து முறை இப்படி நடந்தால், மாலையில் வீட்டுக்குப் போனபிறகும் உடம்பு அதே இறுக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஃபிக்லி 1990-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உதவி செய்பவருக்கு வரும் அறிகுறிகள், பாதிக்கப்பட்டவருக்கு வரும் அறிகுறிகளைப் போலவே இருக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். அதாவது, கேட்ட காட்சி அழைக்காமலே மனதில் வந்து நிற்கும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். தூக்கம் கெட்டு, சிறு சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடும்.

இதே காலத்தில், 1990-இல், மெக்கான், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். வருடக்கணக்கில் இத்தகைய கதைகளைக் கேட்பவருக்கு உலகைப் பற்றிய எண்ணமே மாறிவிடுகிறது. யாரை நம்பலாம், எந்த இடம் பாதுகாப்பானது என்ற கணக்கு உள்ளுக்குள் திருத்தி எழுதப்படுகிறது. நம் சகோதரிக்கு நேர்ந்தது முக்கியமாக இதுதான். அவர் கையாண்ட கோப்புகளில் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்கள் பெரும்பாலும் அந்நியர்கள் அல்ல, வீட்டுக்குத் தெரிந்தவர்கள். எனவே "தெரிந்தவர்" என்ற சொல்லே அவருக்குப் பயமாகிவிட்டது. சாச்சா நல்லவர் என்பது அவர் அறிவுக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆனதும் உடம்பு வேறு கணக்குப் போட்டது.

மருத்துவ உலகமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் கண்டறியும் கையேடு, தனக்கு எதுவும் நேராவிட்டாலும், பணியின் காரணமாகக் கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பவருக்கு மன அதிர்ச்சி நோய் வரலாம் என்கிறது. அதற்கு அது தரும் உதாரணங்களில் ஒன்று, குழந்தை வன்கொடுமை விவரங்களை மீண்டும் மீண்டும் கேட்கும் காவலர்கள். உதவியாளர்கள் எல்லோருக்கும் இந்நோய் வந்துவிடுவதில்லை. பலருக்குச் சில அறிகுறிகள் வந்து தானாகவே அடங்கும். பிள்ளைகளின் வழக்குகளை அதிகம் பார்ப்பவர், பணிக்குப் புதியவர், தன் சிறுவயதில் ஏதேனும் காயம் பட்டவர், வேலையிடத்தில் மனம்விட்டுப் பேச யாரும் இல்லாதவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

கோப்புகளை எண்ணிப் பார்த்தோம்

அந்த அம்மையார் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "அவர் கையில் எத்தனை கோப்பு இருக்கிறது, அதில் எத்தனை பிள்ளைகள் சம்பந்தப்பட்டது?" என்பதுதான். அதுவரை நாங்கள் எண்ணியதே இல்லை. பதினான்கு கோப்புகளில் பதினொன்று பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை.

இது எப்படி நடந்தது? சகோதரி பிள்ளைகளிடம் நன்றாகப் பேசுவார். போக்சோ வழக்குகளில் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் துணையாகக் காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் வரை உடன் செல்ல 'ஆதரவு நபர்' ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிப்பதற்கு 2020-ஆம் ஆண்டு விதிகளில் இடம் உண்டு. அப்படி அவர் சென்ற முதல் வழக்கு நன்றாக நடந்தது. பிறகு அப்படிப்பட்ட எல்லா வழக்குகளும் அவர் மேசைக்கே போயின. "அவர்தான் இதற்குச் சரி" என்று நாங்களே கூட்டத்தில் பாராட்டினோம். அந்தப் பாராட்டுக்குப் பிறகு, "எனக்கு முடியவில்லை" என்று அவர் எப்படிச் சொல்வார்?

அதன் பிறகு ஆலோசனை அறையில் சில மாற்றங்கள் செய்தோம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கோப்பு ஒருவரிடம் நான்குக்கு மேல் சேரக் கூடாது. மற்றவை திருமணப் பிரச்சினை, முதியோர் பராமரிப்பு, கல்வி உதவி என்று கலந்திருக்க வேண்டும். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இருபது நிமிடம் யாரும் உள்ளே வரக் கூடாது. வேலை முடியும் கடைசி அரைமணி நேரத்தில் கடுமையான வாக்குமூலங்களைப் படிக்கவோ கேட்கவோ கூடாது. கடைசியாகக் கேட்டதுதான் வீட்டுக்குக் கூட வருகிறது என்று சகோதரியே சொன்னார். இஷாவுக்குப் பிறகு அவசர அழைப்புக்கு ஒரே கைப்பேசி. அது வாரம் ஒருவர் கையில் இருக்கும், மற்றவர்களைக் கூப்பிடுவதில்லை.

இவற்றைவிட முக்கியமானது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த அம்மையாருடன் ஒரு மணி நேரம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்கு அல்ல, அந்த வழக்கு உங்களை என்ன செய்தது என்று கேட்பதற்கு. அறக்கட்டளை நிர்வாகிகள் யாரும் அதில் உட்காருவதில்லை. அங்கே பேசியது எங்களுக்குச் சொல்லப்படுவதும் இல்லை. உலக அளவில் பயன்படுத்தப்படும் 'புரோகுவால்' என்ற முப்பது கேள்விப் படிவத்தையும் அவர் கொடுத்தார். கடந்த முப்பது நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று அது கேட்கும். பணியில் கிடைக்கும் நிறைவு, பணிச் சோர்வு, இரண்டாம் நிலை அதிர்ச்சி ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டும். அது நோயைக் கண்டறியும் சோதனை அல்ல, தன்னையே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி மட்டும். சகோதரிக்கு நிறைவு உயர்வாகவும், சோர்வு நடுத்தரமாகவும், அதிர்ச்சி மிக உயர்வாகவும் வந்தது. பத்து நாள் விடுப்பு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அந்தத் தாளிலேயே பதில் இருந்தது.

அமானிதமும் வீட்டுப் பேச்சும்

இனி வீட்டார் பங்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆலோசனை அறையில் ஒருவர் சொன்னது அமானிதம். போக்சோ வழக்கில் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். ஊர் சிறியது. "நாலாவது தெருவில் ஒரு பிள்ளை" என்று ஆரம்பித்தாலே மாமிக்கு யாரென்று தெரிந்துவிடும். எனவே சகோதரி வீட்டில் ஒன்றுமே பேசுவதில்லை. வாயை மூடினால் முகத்தையும் சேர்த்து மூட வேண்டியிருந்தது. கணவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சில வீடுகளில் காவல் பணியில் இருப்பவர் சாப்பிடும்போதே அன்று பார்த்ததை எல்லாம் விவரமாகச் சொல்லிவிடுவார். மனைவி அந்தக் காட்சியோடு தூங்கப் போவார். பாரம் குறைவதில்லை, இருவராகிவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சம்பவத்தைச் சொல்லாமல் தன் நிலையை மட்டும் சொல்வது. சொல்வதற்கு முன் எச்சரிப்பது, கேட்பவரிடம் சம்மதம் கேட்பது, தேவையான அளவோடு நிறுத்துவது. அம்மையார் இந்தத் தம்பதியை இதில் பழக்கினார். இப்போது சகோதரி வீட்டுக்கு வந்ததும் சொல்வது இவ்வளவுதான்: "மச்சான், இன்னிக்குக் கனமான நாள். உங்க மேல எதுவும் இல்லை. அரைமணி நேரம் என்னைத் தனியா விடுங்க." கணவர், "என்ன கேஸ்?" என்று கேட்பதில்லை. "சரி, பிள்ளைக்கு நான் சாப்பாடு கொடுத்துக்கிறேன்" என்கிறார். "இதுக்கெல்லாம் கவலைப்படலாமா?" என்றோ, "வேலையை விட்டுடு" என்றோ அந்த நேரத்தில் சொல்லாமல் இருப்பதுதான் தனக்குக் கடினமாக இருந்தது என்று அவரே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

மகள் விஷயத்தை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். "சும்மா பயப்படாதே" என்று கணவர் சொன்னால் பயம் போகாது. பயத்துக்குப் பணிந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால், இன்றைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் பயம் நாளைக்கு இன்னும் ஒரு வாசலை மூடும். அதனால் இருவரும் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதினார்கள். எந்தப் பெற்றோரும் எடுக்க வேண்டிய எச்சரிக்கைகள் ஒரு பக்கம்: பிள்ளை போகும் வீட்டில் அப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது, பிடிக்காத தொடுதலுக்கு 'வேண்டாம்' சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது, பிள்ளை என்ன சொன்னாலும் திட்டாமல் கேட்பது. கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பயங்கள் மறுபக்கம். முதல் பக்கத்தில் இருந்தவற்றைத் தொடர்ந்து கடைப்பிடித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் இருந்தவற்றைப் படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை தாயும் மகளும் சேர்ந்து சாச்சா வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் இருந்தார்கள். அடுத்த வாரம் தந்தையோடு மகள் மட்டும். ஐந்தாவது வாரம் மகள் தனியாகப் போனாள். அன்று தனக்குக் கை நடுங்கியது என்றும், ஒருமுறைகூடத் தொலைபேசியில் கூப்பிடாமல் இருந்தேன் என்றும் சகோதரி சொன்னார்.

வீட்டு மருந்து போதாத நேரம்

மேலே சொன்னவை எல்லோருக்கும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்ட காட்சிகள் ஒரு மாதத்துக்கு மேலும் வந்து தொல்லை செய்தால், தூக்கம் திரும்பவில்லை என்றால், மது அல்லது தூக்க மாத்திரை இல்லாமல் இரவு கழியவில்லை என்றால், வீட்டில் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கென்று முறையான பேச்சு சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காவலர் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வதும் அன்றைக்கே நடக்க வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

நல்ல எண்ணத்தோடு பலர் செய்யும் ஒன்றையும் தவிர்க்க வேண்டும். கொடூரமான சம்பவம் ஒன்று நடந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, "நடந்ததை முழுக்கச் சொல்லிக் கொட்டிவிடுங்கள்" என்று கட்டாயப்படுத்துவார்கள். ஒரே அமர்வில் இப்படிச் செய்வது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேச விரும்புபவர் பேசட்டும். விரும்பாதவருக்குப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

"சபூராக இருங்கள்" என்று நாமும் சொல்கிறோம். அது நல்ல சொல்தான். ஆனால் தூங்காமல் இருப்பவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால், அவர் அதற்குப் பிறகு நம்மிடம் வாயே திறக்க மாட்டார்.

இன்றைய நிலை

சகோதரி வேலையில் இருக்கிறார். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கோப்புகள் இப்போது மூன்று. முழுக்கச் சரியாகிவிட்டது என்று அவர் சொல்வதில்லை. ஒரு தீர்ப்பு நாளில் மறுபடி இரவு எழுந்ததாகச் சொன்னார். ஆனால் இப்போது அது என்னவென்று அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஒருவரிடம் நான்கு கோப்புக்கு மேல் கொடுப்பதில்லை என்பதால், இரண்டு குடும்பங்களை அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று. நம்மிடமே வர விரும்பிய அவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் சுமை தாங்காத ஆலோசகரிடம் அனுப்பியிருந்தால், சொல்ல வந்த பிள்ளை சொல்லி முடிக்கும் முன்பே கேட்பவர் மனம் மூடிக்கொண்டிருக்கும்.

காவல், மருத்துவம், சமூகப் பணி ஆகியவற்றில் இருப்போரின் கணவர், மனைவி, பெற்றோருக்காக, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு லுஹருக்குப் பிறகு அந்த அம்மையார் நம் அலுவலகத்தில் இருக்கிறார். பணியில் இருப்பவர் வரவேண்டும் என்பதில்லை. எந்த வழக்கின் விவரமும் அங்கே கேட்கப்படாது. வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்